சுவரைச் சுடும் வீரன்

1993 டிசம்பரில் வெளிவந்த ‘டூம்’ என்ற கணினி விளையாட்டைத் திறந்துவிட்டு எதையும் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்தால், சற்று நேரத்தில் அது தானாகவே ஆடத் தொடங்கும். திரையில் ஒரு வீரன் ஓடுவான், கதவைத் திறப்பான், அரக்கர்களைச் சுடுவான், சில சமயம் செத்தும் போவான். பார்ப்பதற்கு வீடியோ போல இருக்கும். ஆனால் அது வீடியோ இல்லை. அன்றைய கணினிகளில் அவ்வளவு வீடியோவைச் சேமிக்க இடமும் இல்லை, அதை ஓட்டத் திராணியும் இல்லை.

விளையாட்டை எழுதிய இட் சாஃப்ட்வேர் நிறுவனத்தார் செய்தது வேறு. யாரோ ஒருவர் ஆடும்போது எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினார் என்பதை மட்டும் ஒரு கோப்பில் எழுதி வைத்தார்கள். டூம் விளையாட்டின் உள்கடிகாரம் நொடிக்கு 35 முறை அடிக்கும். அந்த ஒவ்வோர் அடியையும் அவர்கள் ‘டிக்’ என்றார்கள். ஒரு டிக்குக்கு நான்கே பைட்: முன்னே பின்னே எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு, எவ்வளவு திரும்பினார், சுடும் பொத்தானோ கதவு திறக்கும் பொத்தானோ அழுத்தப்பட்டதா. அவ்வளவுதான். நொடிக்கு 140 பைட். ஐந்து நிமிட ஆட்டத்துக்கு 42,000 பைட். கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைவிடப் பல மடங்கு பெரியது.

கோப்பில் அரக்கன் எங்கே நிற்கிறான் என்ற செய்தி இல்லை. குண்டு பட்டதா என்பதும் இல்லை. திரும்ப ஓட்டும்போது விளையாட்டு முதலிலிருந்து மறுபடி நடக்கிறது. விசைப்பலகையிலிருந்து வரவேண்டிய கட்டளைகள் மட்டும் கோப்பிலிருந்து வருகின்றன. தொடக்கமும் அதே, கட்டளைகளும் அதே என்றால் நடப்பதெல்லாம் அதேபோல் நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது. இன்று கேம்களில் ‘ரீப்ளே’ என்று வரும் வசதிகளில் பலவும் இதே வழியைப் பின்பற்றுபவை.

அந்த நம்பிக்கை பொய்க்கும்போது நடப்பது வேடிக்கையாக இருக்கும். முதல் இரண்டு நிமிடம் எல்லாம் ஒழுங்காகப் போகும். பிறகு ஓர் அரக்கன் சாகவேண்டிய இடத்தில் சாகாமல் நிற்பான். வீரனுக்கு அது தெரியாது. அவன் கோப்பில் உள்ளபடி அடுத்த அறைக்குத் திரும்புவான்; வழியில் அந்த அரக்கன் இடித்துக்கொள்ள, ஓர் அடி தள்ளி நிற்பான். அடுத்து வாசலுக்குள் நுழையவேண்டியவன் வாசல் நிலையில் முட்டிக்கொண்டே நடப்பான். கடைசியில் வெறும் சுவரைப் பார்த்து ஆக்ரோஷமாகச் சுட்டுக்கொண்டிருப்பான். ரீப்ளே எழுதிய எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருக்கும் காட்சி இது. ஆங்கிலத்தில் இதை ‘டீசிங்க்’ என்பார்கள்; இசைவு தப்பிவிட்டது என்று சொல்லலாம்.

இசைவு தப்ப இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. ஒன்று, ரேண்டம் எண்கள். மற்றது, பொருட்களின் அசைவைக் கணக்கிடும் இயற்பியல் பகுதி. முதலாவதைப் புரிந்துகொள்ள டூமைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதன் மூலநிரல் 1997 முதல் எல்லோரும் படிக்கும்படி திறந்துகிடக்கிறது.

கணினிக்குத் தானாகச் சீட்டுக் குலுக்கத் தெரியாது. ஏதோ ஒரு கணக்கைப் போட்டு, பார்க்கத் தாறுமாறாகத் தெரியும் எண் வரிசையைத் தரும். தொடக்க எண் அதேயானால் வரிசையும் அதேதான். டூம் அந்தக் கணக்கைக்கூடப் போடுவதில்லை. 256 எண்கள் கொண்ட ஒரு பட்டியலை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. கேட்கும்போதெல்லாம் அடுத்த எண்ணை எடுத்துத் தரும். முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

```
int P_Random (void)
{
    prndindex = (prndindex+1)&0xff;
    return rndtable[prndindex];
}
```

பட்டியல் 0, 8, 109, 220, 222 என்று தொடங்குகிறது. மேலே உள்ள நிரல் முதலில் ஓரிடம் நகர்ந்துவிட்டுத்தான் எண்ணை எடுக்கிறது என்பதால் முதலில் கிடைப்பது 8, அடுத்து 109, அடுத்து 220. இதில் எங்கே தற்செயல் இருக்கிறது என்று கேட்கலாம். யார் எப்போது கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஆடுபவர் அரை நொடி தாமதித்துச் சுட்டால், அதற்குள் வேறு அரக்கர்கள் தங்கள் தேவைக்கு நாலைந்து எண்களை எடுத்துவிட்டிருப்பார்கள். அவருக்கு வேறு எண் கிடைக்கும். ஆடுபவருக்கு இது போதுமான குலுக்கல். ரீப்ளேக்கோ, ஒவ்வொருவரும் அதே வரிசையில் வந்து எண்ணை வாங்கிக்கொண்டு போகவேண்டும். இடையில் ஒருவர் கூடுதலாகப் புகுந்தால் பின்னால் நிற்கும் எல்லோருக்கும் எண் மாறிவிடும்.

இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். டூமில் `M_Random` என்று இன்னொரு கதவும் உண்டு. பட்டியல் அதே, ஆனால் எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற கணக்கு தனி. திரை உருகி வழிவது போன்ற வெறும் அலங்காரங்கள் அங்கிருந்து எண் எடுக்கும். ஆட்டத்தின் போக்கைப் பாதிப்பவை `P_Random` வழியே போகும். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் விடுவதுதான் இன்றைய கேம்களில் ரீப்ளே கெடுவதற்கு மிகச் சாதாரணமான காரணம். புகை எப்படிக் கிளம்பவேண்டும், பின்னணியில் எந்தப் பறவை கூவவேண்டும் என்பதற்கும், எதிரி எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பதற்கும் ஒரே எண் வரிசையைப் பயன்படுத்துவார்கள். ரீப்ளே பார்ப்பவர் ஒலியை அணைத்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பறவைக்கு எண் தேவைப்படவில்லை. அந்த எண் எதிரிக்குப் போய்ச் சேரும். எதிரி இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கம் திரும்புவான். ஒலியை அணைத்ததால் போரே தோற்றுப்போகும்.

டூம் இந்தக் கண்ணியில் விழவில்லை. ஆனால் இதைவிட நுட்பமான ஒன்றில் விழுந்தது. கைத்துப்பாக்கியால் சுடும்போது நடப்பதைப் பார்ப்போம். முதலில் ஓர் எண் எடுத்து, குண்டு பட்டால் எவ்வளவு சேதம் என்று தீர்மானிக்கிறது: எண்ணை மூன்றால் வகுத்து வரும் மீதியோடு ஒன்றைக் கூட்டி ஐந்தால் பெருக்கும். பட்டியலின் தொடக்கத்தில் இருக்கிறோம் என்றால் வரும் எண் 8, மீதி 2, சேதம் 15. அடுத்து, விடாமல் தொடர்ந்து சுட்டால் குறி சற்றே விலகவேண்டும் என்பதற்காக இந்த வரி:

```
angle += (P_Random()-P_Random())<<18;
```

ஓர் எண்ணிலிருந்து இன்னோர் எண்ணைக் கழிக்கிறது. விடை நேர் எண்ணானால் குண்டு இடப்பக்கம் விலகும், எதிர் எண்ணானால் வலப்பக்கம். இதில் என்ன தவறு? பார்த்தால் ஒன்றும் இல்லை. ஆனால் சி மொழியின் விதிகள், இரண்டு `P_Random` அழைப்புகளில் எது முதலில் நடக்கவேண்டும் என்று சொல்வதில்லை. அந்த முடிவை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரிடம் விட்டுவிடுகிறது. இடமிருந்து வலமாகப் போகும் கம்பைலரில் 109-இலிருந்து 220 போகும்: விடை -111. வலப்பக்கத்தை முதலில் கவனிக்கும் கம்பைலரில் 220-இலிருந்து 109 போகும்: விடை +111. கோணத்தில் இது சுமார் 2.4 பாகை. ஒன்றில் குண்டு வலப்பக்கம் 2.4 பாகை போகிறது, மற்றதில் இடப்பக்கம் 2.4 பாகை. எதிரி நேரே நிற்காமல் கொஞ்சம் வலப்பக்கமாக நின்றால் ஒன்றில் அடி விழும், மற்றதில் தப்பிவிடுவான்.

அதோடு முடிந்தாலாவது பரவாயில்லை. அடிபட்ட அரக்கன் வலியில் துடிக்கவேண்டுமா என்று தீர்மானிக்க இன்னோர் எண் எடுக்கப்படும். குண்டு சுவரில் பட்டால் அந்த எண் தேவையில்லை. ஆகவே இரண்டு ஓட்டங்களும் இப்போது வரிசையில் வெவ்வேறு இடத்தில் நிற்கின்றன. இனி அந்த மாளிகையில் உள்ள அத்தனை அரக்கர்களுக்கும் வேறு எண், வேறு முடிவு.

மூலநிரல் வெளியானபின் பலர் டூமை வேறு வேறு கணினிகளுக்குக் கொண்டுபோனபோது இது தலைகாட்டியது. 1998-இல் வெளிவந்த ‘பூம்’ என்ற மாற்றுப் பதிப்பின் நிரலில், இப்படிப்பட்ட வரிகள் ஒவ்வொன்றும் பிரித்து எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். ‘சாக்லேட் டூம்’ என்ற பதிப்பு இதற்கென்றே ஒரு சிறு செயல்பாடு வைத்திருக்கிறது:

```
int P_SubRandom (void)
{
    int r = P_Random();
    return r - P_Random();
}
```

முதல் எண்ணை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பிறகே இரண்டாவதைக் கேட்கிறது. இனி எந்தக் கம்பைலரும் வரிசையை மாற்ற முடியாது. இரண்டே வரி. ஆனால் காரணம் தெரியாமல் தேடுபவருக்கு இது பல இரவுகளை விழுங்கும். நிரலில் பிழை என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக ஆட்டம் கச்சிதமாகவே ஓடும்.

ரேண்டம் எண்ணின் கதை இவ்வளவுதான். தொடக்க எண்ணைச் சேமி, அலங்காரத்துக்குத் தனி வரிசை வை, யார் எப்போது கேட்கிறார் என்பதை இறுக்கிப் பிடி. கஷ்டமானாலும் தீரக்கூடிய சிக்கல். இயற்பியல் அப்படியல்ல.

நமக்கு நன்றாகத் தெரிந்த கேரம் பலகையை எடுத்துக்கொள்வோம். அதைக் கைபேசி விளையாட்டாக ஒருவர் எழுதுகிறார். ரேண்டம் எண்ணே தேவையில்லை. ஸ்ட்ரைக்கரை எங்கே வைத்தார், எந்தக் கோணத்தில், எவ்வளவு வேகத்தில் அடித்தார் என்று மூன்று எண்களைச் சேமித்தால் போதும், மீதியை இயற்பியல் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார். நியாயமான நினைப்புதான்.

முதல் அடி கடிகாரத்திலிருந்து விழும். கைபேசி ஒவ்வொரு முறை திரையில் படம் வரையும்போதும் காய்களைக் கொஞ்சம் நகர்த்துகிறது: கடந்த படத்திலிருந்து எவ்வளவு நேரம் ஆனதோ, அவ்வளவுக்கு வேகத்தைக் குறைத்து, மிஞ்சிய வேகத்தால் இடத்தை மாற்றும். ஒரு காய் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது, உராய்வு அதன் வேகத்தை ஒரு நொடியில் பூஜ்யமாக்கிவிடும் என்று வைப்போம். பள்ளிப் பாடத்தின்படி அது சரியாக 50 செ.மீ. போய் நிற்கவேண்டும். நொடிக்கு 60 முறை கணக்கிடும் கைபேசியில் அது 49.2 செ.மீ. போகும். பேட்டரி குறைந்தோ சூடேறியோ அதே கைபேசி நொடிக்கு 30 படமாக இறங்கினால், 48.3 செ.மீ. தான் போகும். கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் வித்தியாசம். கேரமில் எட்டு மில்லிமீட்டர் என்றால் காய் பையில் விழுவதற்கும் ஓரத்தில் தங்கிவிடுவதற்கும் உள்ள வித்தியாசம். அதே ஆள், அதே அடி, அதே கைபேசி. ஆனால் ரீப்ளே வேறு.

இது பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகளிலும் நடந்ததுதான். ‘குவேக் 3’ ஆட்டத்தில் கணினி நொடிக்கு 125 படம் வரையும்படி அமைத்துக்கொண்டால் கொஞ்சம் கூடுதல் உயரம் குதிக்கலாம் என்பதை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒவ்வொரு படத்துக்கும் வேகத்தை முழு எண்ணாகத் திருத்தும்போது நேரும் பிசகு அது.

இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரிந்தது. திரை எப்படி வேண்டுமானாலும் ஓடட்டும்; இயற்பியல் மட்டும் எப்போதும் அறுபதில் ஒரு நொடி என்ற ஒரே அடியாக எடுத்துவைக்கவேண்டும். திரை தாமதமானால் அடுத்த படத்துக்குமுன் இரண்டு அடி, மூன்று அடி சேர்த்து வைக்கும். ஆட்டக்காரரின் செய்கையையும் ‘2.35-வது நொடியில்’ என்று எழுதாமல் ‘141-வது டிக்கில்’ என்று எழுதவேண்டும். டூம் 1993-இலேயே இப்படித்தான் செய்தது.

அடியைச் சமமாக்கியபின்பும் காய்கள் விலகும். காரணம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. கணினி தசம எண்களை ஒரு வரம்புக்கு உட்பட்ட இலக்கங்களில்தான் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் வால் இலக்கங்களை வெட்டித் திருத்தும். இப்படி வைக்கும் எண்ணை மிதவைப்புள்ளி எண் என்பார்கள். வெட்டும் விதிகள் 1985-இலேயே தரப்படுத்தப்பட்டுவிட்டன. ஒரே கணக்கை ஒரே வரிசையில் செய்தால் எந்த இயந்திரத்திலும் ஒரே விடைதான். ஆனால் வரிசை மாறினால் விடை மாறும். 0.1, 0.2, 0.3 மூன்றையும் கூட்டுங்கள். முதலிரண்டை முதலில் கூட்டினால் கணினி 0.6000000000000001 என்கிறது. பின்னிரண்டை முதலில் கூட்டினால் 0.6 என்கிறது. பள்ளியில் படித்த கூட்டல் விதி இங்கே செல்லுபடியாகாது.

கேரமில் ஒரு காய் ஒரே நேரத்தில் மூன்று காய்களைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது மூன்று தள்ளல்களையும் கூட்டவேண்டும். எந்த வரிசையில்? வேலையை நாலைந்து உள்செயலிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால், எது முதலில் முடிகிறதோ அந்த வரிசையில். அது ஒவ்வொரு முறையும் மாறும். நினைவகத்தில் எந்த முகவரியில் காய் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வரிசைப்படுத்தும் நிரல்களும் உண்டு. அந்த முகவரியும் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மாறும்.

இதையும் சரிசெய்து, தன் கைபேசியில் ஆயிரம் முறை ஓட்டினாலும் ஒரே விடை வருகிறது என்று நிம்மதியடைந்தவர், ரீப்ளேயை நண்பருக்கு அனுப்புவார். அங்கே விலகும். பழைய இன்டெல் செயலிகளின் கணக்குப் பிரிவு இடைக்கால விடைகளை 80 பிட் அகலத்தில் வைத்துக்கொண்டது. பின்னால் வந்தவை 32 அல்லது 64 பிட்டிலேயே முடித்தன. சில செயலிகள் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே மூச்சில் செய்து ஒருமுறைதான் வெட்டும். வேறு சில இரண்டு முறை வெட்டும். சைன், கொசைன் மதிப்புகளின் கடைசி இலக்கம் ஒவ்வொரு நிரலகத்திலும் வேறாக இருக்கலாம். விசித்திரமான ஒன்று: மைக்ரோசாஃப்ட்டின் டைரக்ட்3டி 9 என்ற படம் வரையும் மென்பொருள், தான் தொடங்கும்போதே செயலியின் கணக்குத் துல்லியத்தைக் குறைத்துவிடும். வேண்டாம் என்றால் `D3DCREATE_FPU_PRESERVE` என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும். படம் வரையவந்தவர் கணக்குப்பிள்ளையின் பேனாவை மாற்றிவைத்த கதை.

கடைசி இலக்கம்தானே, அதனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். கேரமிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காயின் விட்டம் சுமார் 3 செ.மீ. ஒரு காய் இன்னொன்றின்மேல் மோதும்போது, மோதும் இடம் துளி விலகினால், அடிபட்ட காய் புறப்படும் கோணம் அந்த விலகலை 3 செ.மீ.யால் வகுத்த அளவுக்கு மாறும். அது 30 செ.மீ. பயணித்து அடுத்த காயை அடையும்போது விலகல் பத்து மடங்காகியிருக்கும். சாதாரணமாகக் கேம்களில் பயன்படும் 32 பிட் எண்ணில் கடைசி இலக்கப் பிழை, ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். முதல் மோதலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டாவதில் நூறில் ஒன்று. நான்காவது மோதலில் ஒரு மில்லிமீட்டர். ஆறாவதில் பத்து சென்டிமீட்டர். 64 பிட் எண்ணுக்கு மாறினால் தப்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பிழை ஐம்பது கோடி மடங்குக்குமேல் சிறிதாகும், உண்மைதான். ஆனால் அது வாங்கித் தருவது சுமார் ஒன்பது மோதல்கள் மட்டுமே. பதின்மூன்றாவது மோதலில் மறுபடி ஒரு மில்லிமீட்டர். 19 காய்களும் நடுவில் குவிந்திருக்கும் முதல் அடியில் பதின்மூன்று மோதல் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். துல்லியத்தைக் கூட்டுவது இந்த நோய்க்கு மருந்தல்ல. கடைசி பிட் வரை அச்சாக அதே விடை, அல்லது ஒன்றுமேயில்லை.

இனி, விலகிவிட்ட ரீப்ளேயில் குற்றவாளியை எப்படிப் பிடிப்பது? கண்ணால் பார்த்துப் பிடிக்கவே முடியாது. கண்ணுக்குத் தெரியும்போது விலகல் பழையதாகிவிட்டிருக்கும். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ விளையாட்டை உருவாக்கிய பால் பெட்னரும் மார்க் டெரானோவும் 2001-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஓர் அருமையான உதாரணம் உண்டு. அதிலும் இதே வழிதான்: பல கணினிகளில் ஒரே போர் நடக்கும், கட்டளைகள் மட்டுமே தொலைபேசிக் கம்பி வழியே பரிமாறப்படும். வரைபடம் உருவாகும்போது ஒரு கணினியில் ஒரு மான் துளி தள்ளி நின்றுவிட்டது. அதனால் அது மேய்ந்த இடம் மாறியது. பல நிமிடம் கழித்து அதை வேட்டையாடப் போன கிராமத்தானின் பாதை மாறியது, ஈட்டி தவறியது, அவன் வெறுங்கையோடு வீடு திரும்பினான். நிரலாளருக்குத் தெரிவது இறைச்சிக் கணக்கில் வித்தியாசம். மானைத் தேடவேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது?

சொல்வதற்கு ஒரே வழி, ஒவ்வொரு டிக்கிலும் முழு நிலைமையையும் ஒற்றை எண்ணாகச் சுருக்கி எழுதி வைப்பது. எல்லாக் காய்களின் இடம், வேகம், ரேண்டம் வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பது, எல்லாவற்றையும் அவற்றின் பிட்டுகளோடு அப்படியே சேர்த்து ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிடவேண்டும். நாலு பைட் போதும். திரும்ப ஓட்டும்போது ஒவ்வொரு டிக்கிலும் அதே எண்ணை மறுபடி கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். முதன்முதலில் எந்த டிக்கில் எண் மாறுகிறதோ அங்கேதான் குற்றம். நம் கேரமில் 900-வது டிக்கில் சிவப்புக் காய் தவறான பையில் விழுகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால், எண் 412-வது டிக்கிலேயே மாறியிருக்கும். இரண்டு ஓட்டங்களிலும் 411-க்கும் 412-க்கும் இடையே நடந்த ஒவ்வொரு மோதலையும் எழுதச்சொல்லி அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே ஒரு வரி வேறாக இருக்கும்.

எங்கே தேடுவது என்பதற்கு இன்னொரு குறிப்பும் உண்டு. அதே கருவியில் அதே பதிப்பை இரண்டு முறை ஓட்டினாலே எண் மாறுகிறதா? அப்படியானால் கடிகாரம், உள்செயலிகளின் வரிசை, நினைவக முகவரி, தொடக்க மதிப்பு கொடுக்காமல் விட்ட ஏதோ ஒன்று, இவற்றில்தான் கோளாறு. தன் கருவியில் எப்போதும் ஒத்துப்போய், அடுத்தவர் கருவியில் மட்டும் விலகினால் மிதவைப்புள்ளியும் கம்பைலரும் சந்தேகத்துக்குரியவை. எல்லாக் காய்களும் ஒத்துப்போக, ரேண்டம் வரிசையின் இடம் மட்டும் ஒன்று தள்ளியிருந்தால், யாரோ அலங்காரத்துக்காகத் தவறான கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

கோளாறு மிதவைப்புள்ளியில் என்றால் வழி மூன்று. டூம் மிதவைப்புள்ளியையே தொடவில்லை. எண்களை 65,536 கூறுகளாகப் பிரித்து முழு எண் கணக்காகவே எல்லாவற்றையும் செய்தது. முழு எண் கூட்டலில் எந்தச் செயலியும் கருத்து வேறுபடாது. அன்று அது வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு, ரீப்ளேக்கு வரமாக அமைந்தது. இரண்டாவது வழி, மிதவைப்புள்ளியை வைத்துக்கொண்டே கட்டுப்பாடு விதிப்பது: வரிசையை நிலையாக்குவது, பெருக்கல்-கூட்டலை இணைக்காதே என்று கம்பைலரிடம் சொல்வது, சைன் கொசைனைத் தானே எழுதிக்கொள்வது. எரின் கேட்டோ உருவாக்கிய பாக்ஸ்2டி என்ற பிரபல இயற்பியல் நிரலகம் அதன் மூன்றாம் பதிப்பில் இந்த வழியில்தான் வெவ்வேறு கருவிகளிலும் ஒரே விடை தரும் நிலைக்கு வந்தது.

மூன்றாவது வழி, மறுபடி நடத்திக் காட்டும் ஆசையையே விட்டுவிடுவது. இட் சாஃப்ட்வேரே 1996-இல் ‘குவேக்’ விளையாட்டில் இதற்கு மாறிவிட்டது: பொத்தான்களைச் சேமிக்காமல், எது எங்கே இருக்கிறது என்று சர்வர் அனுப்பிய செய்திகளைச் சேமித்தது. கார்கள் கால்பந்தாடும் ‘ராக்கெட் லீக்’ ரீப்ளேயும் நிலைமைகளையே சேமிக்கிறது. கோப்பு பெரிதாகும், ஆனால் விலகுவதற்கு அங்கே எதுவும் நடப்பதில்லை.

கேரம் எழுதும் நண்பருக்கு என் பரிந்துரை மூன்றாவது வழிதான். 19 காய்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள், எண்ணுக்கு நாலு பைட்: மொத்தம் 152 பைட். நொடிக்குப் பத்து முறை சேமித்தாலும், பத்து நொடி ஓடும் ஓர் அடிக்கு 15 கிலோபைட் ஆகும். இந்தக் காலத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. அதற்காக மிதவைப்புள்ளியோடு மல்லுக்கட்டுவது வீண். ஆயிரக்கணக்கான வீரர்கள் ஒரே நேரத்தில் நகரும் போர் விளையாட்டு என்றால் கதை வேறு. அங்கே கட்டளைகளை மட்டும் சேமிப்பதைத் தவிர வழியில்லை, வலியையும் ஏற்கத்தான் வேண்டும்.

அந்த வலியில் ஒரு பகுதி எந்தக் கணக்காலும் தீராதது. கட்டளைகளை மட்டும் சேமித்த ரீப்ளே, அது பதிவான அன்றைய நிரலுக்குக் கட்டுப்பட்டது. பிழையைத் திருத்தினாலும் ரீப்ளே உடையும். டூமில் ‘பெயின் எலிமென்டல்’ என்ற அரக்கன் வாயிலிருந்து பறக்கும் மண்டையோடுகளைத் துப்புவான். களத்தில் ஏற்கெனவே இருபதுக்குமேல் மண்டையோடுகள் இருந்தால் துப்பமாட்டான். பூம் பதிப்பு இந்த வரம்பை நீக்கியது. ஆனால் பழைய ரீப்ளேயில் ஆடியவர் அந்த வரம்பை நம்பித்தானே ஓடினார்? ஆகவே பழைய கோப்பை ஓட்டும்போது வரம்பு மறுபடி உயிர்பெற்றாக வேண்டும். அதனால்தான் இன்றைய டூம் பதிப்புகள் சில, முப்பதாண்டுப் பழைய குறைகளைப் பத்திரமாகப் பாதுகாத்து வைத்திருக்கின்றன. `-complevel 2` என்று கட்டளையிட்டால் பழைய 1.9 பதிப்பின் குறைகளோடும், `-complevel 9` என்றால் பூமின் நடத்தையோடும் அவை ஓடும். சரியான எண்ணைக் கொடுத்தால் 1994-இல் பதிவான ஓட்டம் இன்றும் பிசகாமல் நடக்கிறது. தவறான எண்ணைக் கொடுத்தால் வீரன் சுவரைச் சுடுகிறான்.

எல்லா நிறுவனங்களும் இப்படிப் பழையதைச் சுமக்காது. ஆகவே உங்கள் கைபேசியிலோ கணினியிலோ உள்ள விளையாட்டில் நீங்களோ பிள்ளைகளோ ஜெயித்த ஆட்டத்தின் ரீப்ளே இருந்து, அது உங்களுக்கு முக்கியம் என்றால், அடுத்த அப்டேட் வருமுன் அதை ஒருமுறை ஓட்டித் திரைப்பதிவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட் ஆனபிறகு அதே கோப்பு அதே ஆட்டத்தைக் காட்டும் என்று நம்ப வேண்டாம்.